நோட்ஸ் படம் போய்விட்டதா? அறிவியல் நாள் உரையை ஒரே மாலையில் தயார் செய்வது எப்படி

காரைக்குடிப் பக்கம் எட்டாம் வகுப்பு படிக்கும் என் தம்பிக்கு, பிப்ரவரி 28இல் வரும் அறிவியல் நாளன்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் இரண்டு நிமிடம் பேச வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். டீச்சர் கையால் எழுதிய நோட்ஸைப் படமெடுத்து வகுப்புக் குழுவில் போட்டிருந்தார். முதல் நாள் சாயங்காலம் திறந்து பார்த்தால் மங்கலான ஒரு கட்டமும் அதன் மேல் ஒரு அம்புக்குறியும்தான் இருந்தன, படம் இல்லை. அன்று ராத்திரி எங்கள் வீட்டில் நடந்த கூத்து உங்கள் வீட்டில் நடக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். பேசப் போகும் பிள்ளைக்கும், கூட உட்கார்ந்து உதவும் அக்கா, அண்ணன், அம்மா யாராக இருந்தாலும் அவர்களுக்கும் இது பொருந்தும்.

கையில் இருக்க வேண்டியவை: அறிவியல் பாடப்புத்தகம், கோடு போட்ட நோட்டுத்தாள் இரண்டு, ஒரு போஸ்ட் கார்டு அளவுக்குக் கெட்டி அட்டை, கருப்புப் பேனா, நேரம் பார்க்க ஒரு கைப்பேசி. செலவு அநேகமாக ஒன்றும் கிடையாது. ஐந்தாவது படியில் சொல்லும் கலர்த் தாள் வேண்டுமென்றால் மட்டும் இருபது முப்பது ரூபாய் ஆகும். நேரம் மொத்தமாக இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

1. படத்தைத் தேடுங்கள், ஆனால் அரை மணி நேரம் மட்டும்

குழுவில் படம் திறக்கவில்லை என்றால் முதலில் கைப்பேசியின் ஃபைல்ஸ் செயலிக்குள் போய் இந்த இடத்தைப் பாருங்கள்:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media/WhatsApp Images
```

ஒருமுறை திறந்து பார்த்த படம் இங்கே கிடக்க வாய்ப்பு உண்டு. இல்லையென்றால் கேலரியிலும் கூகுள் போட்டோஸிலும் உள்ள குப்பைத்தொட்டியைப் பாருங்கள். 'ஸ்டோரேஜ் ஃபுல்' என்று வந்ததும் வீட்டில் யாராவது மொத்தமாக அழித்திருப்பார்கள், அப்படி அழித்தவை பெரும்பாலும் ஒரு மாதம் வரை அங்கே இருக்கும். மீட்டெடுத்துத் தருகிறோம் என்று விளம்பரம் போடும் செயலிகள் பக்கம் மட்டும் போகாதீர்கள். அவை கைப்பேசியில் உள்ள எல்லாப் படங்களையும் பார்க்க அனுமதி கேட்கும், கடைசியில் கட்டை விரல் அளவுக்கு ஒரு மங்கலான படத்தைக் காட்டிவிட்டுப் பணம் கேட்கும்.

இன்னொரு பொறி, குழுவில் செய்திகள் தானாக மறையும்படி வைத்திருப்பது. 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று அதில் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். அப்படியென்றால் குழுவில் எவ்வளவு தேடினாலும் பயனில்லை, கூடப் படிக்கும் பையன் தன் கைப்பேசியில் சேமித்து வைத்திருந்தால்தான் உண்டு. இரண்டு பேரைக் கேளுங்கள். டீச்சரிடம் மறுபடி அனுப்பச் சொல்லவும் தயங்க வேண்டாம், ராத்திரி எட்டு மணிக்கு முன்னால் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அரை மணி நேரத்தில் கிடைக்கவில்லையா, அதோடு விடுங்கள்.

2. போன நோட்ஸை ஞாபகத்திலிருந்து எழுதப் பார்க்காதீர்கள்

எல்லாரும் முதலில் இதைத்தான் செய்வார்கள். "அதுல ஏதோ 1930னு இருந்துச்சுக்கா, கல்கத்தானு இருந்துச்சு, அப்புறம் கப்பல்னு ஒண்ணு" என்று தம்பி சொல்லச் சொல்ல எழுதினால் பாதி உண்மையும் பாதி குழப்பமுமாக ஒரு வாழ்க்கை வரலாறு வந்து நிற்கும். அதுவும் இரண்டு நிமிடத்துக்குள் அடங்காது. பிறந்தது, படித்தது, வேலை பார்த்தது, பரிசு வாங்கியது என்று வரிசையாகப் போகும் உரையை மணல் தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் இரண்டாவது வரியிலேயே விட்டுவிடுவார்கள்.

அதற்குப் பதில் ஒரே ஒரு சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். அறிவியல் நாள் எதற்காகக் கொண்டாடப்படுகிறதோ அந்தச் சோதனையையே எடுத்துக்கொள்ளலாம். அதில் சி. வி. ராமன் கண்டதுதான் ராமன் விளைவு. அதை மனப்பாடம் செய்தால் மறந்துவிடும், புரிந்துகொண்டால் நோட்ஸே தேவைப்படாது. விஷயம் இவ்வளவுதான்.

வெள்ளை ஒளியில் எல்லா நிறமும் இருக்கிறது. ஒரு நிறக் கண்ணாடியை வைத்தால் அந்த நிறத்தை ஒட்டிய ஒளி மட்டும் தாண்டி வரும். அதற்குப் பின்னால், முதல் கண்ணாடி விட்ட ஒளியைக் கொஞ்சமும் விடாத வேறொரு நிறக் கண்ணாடியை வைத்தால் ஒன்றும் வராது, இருட்டுதான். ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் சூரிய ஒளியை நீல ஊதாக் கண்ணாடி வழியாக விட்டு, நன்றாகச் சுத்தப்படுத்திய திரவத்தில் பாய்ச்சி, திரவம் சிதறடித்த ஒளியைப் பக்கவாட்டிலிருந்து மஞ்சள் பச்சைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். கணக்குப்படி அங்கே இருட்டாக இருக்க வேண்டும். ஆனால் மங்கலாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. அந்தக் கண்ணாடியைத் தாண்டி வந்திருக்கிறது என்றாலே அது உள்ளே போன நிறம் இல்லை, திரவத்துக்குள் நிறம் மாறியிருக்கிறது.

ஏன் மாறியது? ஒளி மூலக்கூறில் மோதும்போது மிகச் சில சமயம் தன் ஆற்றலில் கொஞ்சத்தை மூலக்கூறுக்குக் கொடுத்துவிடும், அந்த மூலக்கூறு அதை வாங்கிக்கொண்டு அதிரும். ஆற்றல் குறைந்த ஒளி சிவப்புப் பக்கமாக நகர்ந்த நிறத்தில் வெளியே வரும். ஏற்கெனவே அதிரும் மூலக்கூறிலிருந்து ஒளி ஆற்றலை வாங்கிக்கொண்டு வருவதும் உண்டு, அது இன்னும் குறைவு. எவ்வளவு அபூர்வம் என்றால் ஏறக்குறைய ஒரு கோடி ஒளித்துகள் மோதினால் ஒன்றுக்குத்தான் இப்படி நிறம் மாறும். அதனால்தான் அதுவரை யார் கண்ணிலும் சரியாகப் படவில்லை, பட்டவர்களும் திரவத்தில் உள்ள அழுக்கு ஒளிர்கிறது என்று நினைத்துவிட்டார்கள். ராமன் குழுவிலேயே 1923இல் இந்த மங்கல் வெளிச்சம் தட்டுப்பட்டது, அப்போது அழுக்குதான் காரணம் என்று நினைத்தார்கள். திரும்பத் திரும்பச் சுத்தப்படுத்திய பிறகும் அது போகவில்லை, சுமார் 60 திரவங்களில் பார்த்தும் அது இருந்தது. அப்போதுதான் இது அழுக்கு இல்லை என்று உறுதியானது. எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான், உரையில் இதற்கு ஒரு வரியாவது கொடுங்கள்.

3. தப்பாகப் பரவும் தகவல்களை வடிகட்டுங்கள்

நோட்ஸ் போனதும் கைப்பேசியில் தேடுவீர்கள், வருகிற முதல் பக்கத்தை அப்படியே எழுதுவீர்கள். அங்கேதான் மாட்டுவீர்கள். மேடைக்குப் பின்னால் அறிவியல் ஆசிரியர்கள் நிற்பார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

பிப்ரவரி 28 ராமனின் பிறந்தநாள் இல்லை. அவர் பிறந்தது 1888 நவம்பர் 7. பிப்ரவரி 28, 1928இல் அந்த ஒளியை நிறமாலை காட்டியில் பார்த்து உறுதி செய்த நாள். நோபல் பரிசு கிடைத்தது 1930இல். அறிவியல் நாளாக இந்த நாளை அரசு அறிவித்தது 1986இல், முதல் கொண்டாட்டம் 1987இல். இந்த ஆண்டுகளை எல்லாம் உரையில் கொட்டாதீர்கள், 1928ம் 1930ம் போதும்.

"கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று கண்டுபிடித்ததே ராமன் விளைவு" என்ற வரி ஏகப்பட்ட இடத்தில் கிடக்கிறது. அது தப்பு. 1921இல் கப்பலில் வரும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து அவருக்குக் கேள்வி எழுந்தது, வானத்தின் பிரதிபலிப்பு மட்டும் அதற்குக் காரணமில்லை, தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று காட்டினார், அதெல்லாம் உண்மை. ஆனால் அந்தச் சிதறலில் ஒளியின் நிறம் மாறுவதில்லை. நிறம் மாறும் சிதறலைத்தான் ராமன் விளைவு என்கிறோம். கப்பலையும் சோதனையையும் ஒரே வரியில் ஒட்டினால் இரண்டும் கெட்டுவிடும், அதனால் கப்பலை விட்டுவிடுங்கள்.

"நோபல் பரிசு பெற்ற முதல் இந்தியர்" என்று சொல்லாதீர்கள், தாகூர் 1913லேயே இலக்கியத்துக்கு வாங்கிவிட்டார். அறிவியலில் நோபல் பெற்ற முதல் ஆசியர் என்பதுதான் சரி.

இந்த ஆண்டுக்கான கருப்பொருள் என்று ஒன்று ஒவ்வொரு வருடமும் அறிவிப்பார்கள். பகிரப்படும் செய்திகளில் போன வருடத்துக் கருப்பொருள்தான் அதிகம் சுற்றும். பள்ளிக்கு வந்த சுற்றறிக்கையில் பார்த்துச் சொல்லுமாறு டீச்சரிடம் கேளுங்கள், தெரியவில்லை என்றால் சொல்லாமலே விடலாம்.

4. உரையை எழுதுங்கள்

நிதானமாகப் பேசினால் தமிழில் நிமிடத்துக்கு எண்பது தொண்ணூறு சொல்தான் போகும். ஆக இரண்டு நிமிடத்துக்கு நூற்றைம்பது சொல்லுக்குப் பக்கமாக, கோடு போட்ட தாளில் ஒரு பக்கம் நிறைந்தால் போதும். எங்கள் வீட்டில் கடைசியில் வந்தது இது. அப்படியே எடுத்துக்கொள்ளலாம், உங்கள் ஊருக்குத் தக்க மாற்றிக்கொண்டால் இன்னும் நல்லது.

> தலைமை ஆசிரியர் அவர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் நண்பர்களுக்கும் காலை வணக்கம்.
>
> நம் ஊர்ப் பழைய வீடுகளில் சன்னலுக்கு மேலே கலர்க் கண்ணாடி பதித்திருப்பார்கள். வெயில் வந்தால் தரையில் நீலமாக, சிவப்பாக விழும். அந்த நீல வெளிச்சத்தைச் சிவப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் என்ன தெரியும்? இருட்டுதான் தெரியும்.
>
> 1928ஆம் ஆண்டு கல்கத்தாவில் இருவர் இதைப் போன்ற ஒரு சோதனை செய்தார்கள். ஒருவர் திருச்சியில் பிறந்த சர் சி. வி. ராமன். இன்னொருவர் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். சூரிய ஒளியை ஊதாக் கண்ணாடி வழியாக ஒரு திரவத்தில் பாய்ச்சி, வேறு நிறக் கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். இருட்டாக இருக்க வேண்டிய இடத்தில் மங்கலாக ஒரு வெளிச்சம்!
>
> திரவத்தில் அழுக்கு இருக்குமோ? சுத்தப்படுத்தினார்கள். வெளிச்சம் போகவில்லை. திரவத்தை மாற்றினார்கள். அப்போதும் போகவில்லை. சுமார் 60 திரவங்களில் பார்த்தார்கள். மூலக்கூறில் மோதும் ஒளியில் மிகச் சிறிய பங்கு நிறம் மாறி வருகிறது என்று கண்டார்கள். அதுதான் ராமன் விளைவு. அதை உறுதி செய்த நாள் பிப்ரவரி 28. அதற்காக ராமனுக்கு 1930இல் நோபல் பரிசு கிடைத்தது.
>
> ஒவ்வொரு பொருளும் ஒளியின் நிறத்தை ஒவ்வொரு மாதிரி மாற்றும். அதனால் தோட்டில் இருப்பது வைரமா கண்ணாடியா என்று, உரசாமல் உடைக்காமல், ஒளியை மட்டும் பாய்ச்சிச் சொல்லிவிடலாம். நம் காரைக்குடி செக்ரி ஆய்வகத்திலும் பொருள்களை ஆராய இந்த முறையைப் பயன்படுத்துகிறார்கள்.
>
> நன்றி, வணக்கம்.

தோட்டு வரியை எழுதியதும் எங்கள் அப்பத்தா தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சபையிலும் அந்த இடத்தில்தான் தலைகள் நிமிரும், அதனால் அதை வேகமாகத் தாண்டிப் போகாதீர்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை: வைரமா கண்ணாடியா என்று சொல்வது இந்த முறைக்கு எளிது, பூமியில் விளைந்த வைரமா ஆய்வகத்தில் வளர்த்த வைரமா என்று சொல்வது அவ்வளவு எளிதில்லை, இரண்டுமே வைரம்தான். அதனால் "போலி வைரத்தை எல்லாம் கண்டுபிடித்துவிடலாம்" என்று இழுத்துப் பேச வேண்டாம்.

நாள் பார்த்துச் சொல்லுங்கள். பிப்ரவரி 28 சனி, ஞாயிறில் வந்தால் பள்ளியில் வெள்ளிக்கிழமையே வைத்துவிடுவார்கள். 2026இல் சனி, 2027இல் ஞாயிறு. இந்த உரையில் "இன்று" என்ற சொல்லே இல்லாமல் எழுதியது அதற்காகத்தான். வேறு இடத்திலிருந்து எடுத்தால் "இன்றைய தினம்" என்ற வரியைத் தேடித் திருத்துங்கள்.

5. கலர்த் தாள் காட்டுவதாக இருந்தால்

இது கட்டாயம் இல்லை. ஐந்நூறு பேர் நிற்கும் மைதானத்தில் கையில் பிடிக்கும் தாள் முதல் வரிசையைத் தாண்டித் தெரியாது, அங்கே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. சின்னப் பள்ளி, நூறு பேர் என்றால் செய்யலாம்.

ஃபேன்சி ஸ்டோரில் பரிசுப் பொருள் சுற்றும் கலர்க் கண்ணாடித் தாள் கிடைக்கும். நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று வாங்குங்கள். நீலமும் மஞ்சளும் வாங்காதீர்கள், இரண்டும் பச்சையை விட்டுவிடும், ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் இருட்டுக்குப் பதில் அழகான பச்சை தெரியும், சோதனையே தலைகீழாகப் போகும். நீலத் தாளை மூன்று நாலு மடிப்பாக மடியுங்கள், ஒரே தாள் ரொம்ப லேசாக இருக்கும். சிவப்பை இரண்டு மடிப்பு. பழைய அட்டைப்பெட்டியில் சன்னல் மாதிரி இரண்டு சட்டம் வெட்டி ஒட்டினால் பிடிக்கவும் வசதி, தாளும் சுருங்காது.

ராத்திரி எல்.இ.டி. விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் நன்றாக இருட்டும். அதே தாளைக் காலையில் வெயிலில் பிடித்தால் அடர் சிவப்பாக ஒரு கசிவு தெரியலாம், ஏனென்றால் நீலத் தாள் அடர் சிவப்பையும் கொஞ்சம் விடும், அது விளக்கில் குறைவு, வெயிலில் அதிகம். அதனால் வெளிச்சத்தில் சோதித்துப் பார்த்து மடிப்பைக் கூட்டுங்கள். வெள்ளைச் சுவருக்கு நேராகப் பிடித்துக் காட்டுங்கள், சூரியனை நோக்கிப் பிடிக்கவே கூடாது, பார்க்கிற பிள்ளைகளையும் அப்படிப் பார்க்க விடக் கூடாது.

இன்னொன்று, இந்தத் தாள் காட்டுவது சோதனையின் முதல் பாதியைத்தான், அதாவது இருட்டை. நிறம் மாறிய மங்கல் வெளிச்சத்தைத் தாளையும் டம்ளரையும் வைத்து வெறுங்கண்ணால் பார்க்க முடியாது. மஞ்சள்தூள் கரைத்த தண்ணீரில் நீல விளக்கை அடித்துப் பச்சையாக மின்னுவதைக் காட்டி "இதுதான் ராமன் விளைவு" என்று சொல்லும் வீடியோக்கள் இருக்கின்றன. அது ஒளிர்தல், வேறு விஷயம். அந்த ஒளிர்தலோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்றுதான் அவர்கள் திரவத்தை அத்தனை முறை சுத்தப்படுத்தினார்கள்.

6. அட்டை, ஒத்திகை, காலை

உரை முழுவதையும் அட்டையில் எழுதாதீர்கள். முழு உரையைக் கையில் வைத்தால் கண் தாளை விட்டு எழும்பாது. அட்டையில் ஆறு சொல் போதும்: கண்ணாடி, 1928, இருட்டு, 60 திரவம், 1930, வைரம். பெரிய எழுத்தில், ஒன்றின் கீழ் ஒன்றாக. முழு உரைத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியைப் பள்ளிக்குள் விட மாட்டார்கள், அதனால் அதை நம்ப வேண்டாம்.

நேரம் வைத்து நின்றுகொண்டு, சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். உட்கார்ந்து முணுமுணுத்தால் ஒன்றேகால் நிமிடத்தில் முடிந்துவிடும், மேடையில் அது இரண்டு நிமிடத்தைத் தாண்டும். இரண்டரையைத் தாண்டினால் செக்ரி வரியை எடுங்கள், அழுக்கு வரிகளில் கை வைக்காதீர்கள்.

காலையில் கால் மணி நேரம் முன்னால் போய் டீச்சரிடம் முழுத் தாளைக் காட்டுங்கள். படம் தொலைந்துவிட்டது, புதிதாக எழுதியிருக்கிறேன் என்று அங்கேயே சொல்லிவிடுங்கள், மைக்கில் சொல்ல வேண்டாம். அவர் எழுதிய நோட்ஸிலிருந்து ஒரு வரியாவது வர வேண்டும் என்று நினைத்தால் அப்போதே சேர்த்துவிடுவார். தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, குறள், செய்தி முடிந்துதான் பெரும்பாலும் உங்கள் முறை வரும், எதற்கு அப்புறம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு பக்கத்தில் போய் நில்லுங்கள். மைக் அண்ணன்மார் உயரத்தில் நிற்கும், பேச ஆரம்பிக்கும் முன்னால் வாய்க்கு நேராக இறக்குங்கள், ஒரு சாண் தள்ளி நின்று பேசுங்கள்.

பேசி முடித்ததும் சில பள்ளிகளில் தலைமை ஆசிரியர் ஒரு கேள்வி கேட்பார். அநேகமாக "கிருஷ்ணனுக்கு ஏன் நோபல் இல்லை?" அல்லது "அப்போ கடல் ஏன் நீலம்?" என்பதாக இருக்கும். முதல் கேள்விக்கு, பரிசு ராமனுக்கு மட்டும் தரப்பட்டது, ஆனால் 1928இல் நேச்சர் இதழில் வந்த முதல் அறிவிப்பில் இருவர் பெயரும் இருக்கிறது என்று சொன்னால் போதும். இரண்டாவதற்கு, தண்ணீர் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது, நீலத்தை அதிகமாகச் சிதறடிக்கிறது, அந்தச் சிதறலில் நிறம் மாறுவதில்லை, அதனால் அது ராமன் விளைவு இல்லை என்று சொல்லுங்கள்.